பாலிசி எண்ணும் அட்மிட் ஆன தேதியும்

"அண்ணே, அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, கிளெய்முக்கு என்னென்ன பேப்பர் வேணும்?" என்று கேட்டால் எந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டும் ஒரு பட்டியலை வாட்ஸாப்பில் தட்டிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரசீது, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், ஆதார், கேன்சல் செய்த செக். காய்ச்சலுக்கும் அதே பட்டியல்தான், கண்புரைக்கும் அதே பட்டியல்தான். அதில் தவறாக எதுவும் இருக்காது. ஆனால் உங்கள் நோயாளிக்கு மட்டும் வேண்டிய இரண்டு மூன்று காகிதங்கள் அதில் இருக்காது. கிளெய்ம் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்றில்தான் நிற்கும்.

கிளெய்ம்களைச் சரிபார்க்கும் டி.பி.ஏ. அலுவலகம் ஒன்றில் சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்துப் பார்ப்பவர்கள் நாங்கள். மேசைக்கு வரும் கோப்பில் முதலில் பார்ப்பது பாலிசி எண்ணை. அடுத்து அட்மிட் ஆன தேதியை. என்ன நோய், எவ்வளவு பில் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் மற்ற காகிதங்களுக்கே அர்த்தம் வரும். ஏஜெண்டிடம் கேட்கும்போதே இந்த இரண்டையும் எழுதிக் கேட்க வேண்டும் என்று நான் சொந்தக்காரர்களிடம் வலியுறுத்துவது அதனால்தான். போன வருடம் எங்கள் சித்திக்கு நடந்ததை வைத்து அதை விளக்குகிறேன். இங்கே வருகிற தேதிகளும் தொகைகளும் சித்தியின் மகனுடைய அனுமதியோடு எழுதுபவை.

சித்திக்கு 63 வயது. காரைக்குடியில் இருக்கிறார். 2025 ஜூன் 9-ஆம் தேதி இரவு, கொல்லைப்பக்கப் படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் மேல்முனை முறிந்துவிட்டது. இரவு ஒன்பதே முக்காலுக்கு ஊரிலேயே இருக்கும் 20 படுக்கை மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். 11-ஆம் தேதி உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன். 16-ஆம் தேதி டிஸ்சார்ஜ். அவருக்கு இருந்தது ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, மூன்று லட்ச ரூபாய்க்கு. 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளோடு விற்கும் பாலிசி இது. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் ஷரத்துகள் ஒன்றுதான் என்பதால் எடுத்துக்காட்டுக்கு வசதி. பாலிசியை எடுத்து பிரீமியம் கட்டுபவன் ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, அதாவது சித்தியின் மகன். அந்த மருத்துவமனை கம்பெனியின் நெட்வொர்க்கில் இல்லை. நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும், கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் காஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அறிவித்திருந்தன. ஆனால் அதற்கு மருத்துவமனை சம்மதிக்க வேண்டும். இங்கே சம்மதிக்கவில்லை. ஆகவே கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்ப வாங்கும் ரீஇம்பர்ஸ்மெண்ட் வழிதான்.

தம்பி ஏஜெண்டிடம் முதலில் கேட்டது நான் மேலே எழுதிய அதே கேள்வி. வந்ததும் அதே பட்டியல். ஏஜெண்ட் நல்ல மனிதர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கூப்பிட்டால் போனை எடுப்பவர். ஆனால் அவரிடம் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பாலிசிகள் இருக்கின்றன. பெயரைச் சொன்னால் எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம், எந்த வருடத்துப் பாலிசி என்று அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. தம்பி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, லிஸ்ட் வந்துருச்சு, இது போதும்ல?" என்றான். போதாது என்று சொல்லி, 10-ஆம் தேதி காலையில் இந்தச் செய்தியை அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். பாலிசி எண்களை மட்டும் இங்கே மறைத்திருக்கிறேன்.

"வணக்கம் அண்ணே. அம்மா பெயரில் உள்ள ஆரோக்கிய சஞ்சீவனி, பாலிசி எண் ........., காலம் 12.06.2024 முதல் 11.06.2025 வரை. இன்று புதுப்பித்த பாலிசியின் எண் ........., அது 12.06.2025 அன்று தொடங்குகிறது. அம்மா 09.06.2025 இரவு 9.45-க்கு காரைக்குடியில் அட்மிட் ஆனார், ஐ.பி. எண் ......... வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிவு. 11-ஆம் தேதி கம்பி வைத்து ஆபரேஷன். மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லை, ரீஇம்பர்ஸ்மெண்ட் போடப் போகிறோம். மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கம்பெனிக்குத் தகவல் பதிந்து இன்டிமேஷன் எண் வாங்கித் தர முடியுமா, இல்லை நானே பதியட்டுமா? இரண்டு, எலும்பு முறிவு, விபத்து, உள்ளே வைக்கும் கம்பி, இவற்றுக்காக வழக்கமான பட்டியலுக்கு மேல் என்னென்ன வேண்டும்? மூன்று, டிஸ்சார்ஜ் ஆன பிறகு எத்தனை நாளுக்குள், எந்த முகவரிக்கு ஒரிஜினல்களை அனுப்ப வேண்டும்?"

செய்தி நீளம்தான். ஆனால் இதைப் படித்தவர் பட்டியலை மறுபடி தட்டிவிட முடியாது. அரை மணியில் அவரே கூப்பிட்டார். "தம்பி, நல்லவேளை ரெண்டு நம்பரையும் போட்டீங்க. பழைய நம்பர்லதான் பதியணும்" என்றார்.

பழைய எண் ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பாலிசி எண் மாறும், அல்லது எண்ணின் கடைசிப் பகுதி மாறும். மொபைலில் சேமித்து வைத்திருப்பது பெரும்பாலும் கடைசியாக வந்த பி.டி.எஃப். சித்தி விஷயத்தில் அது 12-ஆம் தேதி தொடங்கும் பாலிசி. அந்த எண்ணைப் போட்டு 9-ஆம் தேதி அட்மிஷன் என்று எழுதினால், பாலிசி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே நோயாளி சேர்ந்திருப்பதாகத்தான் கணினியில் தெரியும். ஆள் ஒருவர்தான், பாலிசியும் விடாமல் தொடர்வதுதான் என்றாலும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை கோப்பு நகராது. எந்தப் பாலிசியில் பதிவது என்பதை முடிவு செய்வது மருத்துவமனையில் சேர்ந்த நாள். பில் கட்டிய நாளோ, டிஸ்சார்ஜ் ஆன நாளோ இல்லை. சிகிச்சை இரண்டு பாலிசிக் காலத்திலும் நீண்டுவிட்டால் இரண்டின் காப்புத் தொகையையும் கணக்கில் கொள்ளும் ஷரத்து பல பாலிசிகளில் இருக்கிறது. புதிய எண்ணையும் கூடவே எழுதச் சொன்னது அதற்காகத்தான். பாலிசி இடைவெளி இல்லாமல் தொடர்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அட்மிட் ஆன தேதியிலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரங்கள் வேறு இருக்கின்றன. ஆரோக்கிய சஞ்சீவனியில் அவசரமாகச் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள், அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் அதற்குள், கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு. சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எடுப்பார்கள். அது அதே நோய்க்கான செலவாகவும் இருக்க வேண்டும். பாலிசி எடுத்த புதிதில் சில நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் முடிந்ததா என்பதையும் முதல் பாலிசித் தேதிக்கும் அட்மிட் ஆன தேதிக்கும் நடுவில்தான் எண்ணுவார்கள். சித்திக்கு 2020-லிருந்தே பாலிசி தொடர்ந்ததால் அந்தக் கவலை இல்லை. தேதியோடு நேரத்தையும் எழுதியது 24 மணி நேரக் கணக்குக்காக. எங்களுக்கு 10-ஆம் தேதி இரவு ஒன்பதே முக்கால் வரை அவகாசம் இருந்தது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஏஜெண்டுக்குத் தெரிந்துவிட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகாது. நீங்கள் வாட்ஸாப்பில் சொன்னது அவருடைய போனில்தான் இருக்கிறது. கம்பெனியின் அல்லது டி.பி.ஏ.வின் இணையதளத்திலோ, கட்டணமில்லாத் தொலைபேசியிலோ, மின்னஞ்சலிலோ பதிந்து ஓர் எண் வந்தால்தான் தகவல் கொடுத்ததாகக் கணக்கு. அதை இன்டிமேஷன் நம்பர் என்பார்கள், சில இடங்களில் கிளெய்ம் நம்பர் என்றே சொல்வார்கள். "சொல்லிட்டேன் தம்பி, பாத்துக்கலாம்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஏஜெண்ட் அன்று மதியமே பதிந்து எண்ணை அனுப்பிவிட்டார். அதன் பிறகு கம்பெனியிடம் பேசிய எல்லாப் பேச்சும் அந்த எண்ணின் பெயரில்தான். நியாயமான காரணத்தால் தாமதமாகியிருந்தால் அதை எழுதிக் கொடுத்து ஏற்கச் சொல்லலாம், தாமதத்துக்காக மட்டும் உண்மையான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கடிதப் போக்குவரத்தில் போகும் வாரங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அடுத்தது எங்கள் இரண்டாம் கேள்வி. நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். சில காகிதங்கள் ஆபரேஷன் அன்று கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் ரெக்கார்டு அறையில் தேட வேண்டியிருக்கும்.

உள்ளே வைக்கும் கம்பி, பிளேட், ஸ்டென்ட், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எல்லாவற்றின் பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், அளவு, லாட் எண் எல்லாம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் பெட்டியைப் பிரித்ததும் அதை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கிளெய்முக்கு அந்த ஸ்டிக்கர் வேண்டும், அல்லது மருத்துவமனைக்கு அந்தப் பொருளை விற்றவரின் இன்வாய்ஸ் வேண்டும். பில்லில் "இம்ப்ளாண்ட்" என்று ஒரே வரியில் ஒரு பெரிய தொகை இருந்து, பின்னால் எதுவும் இல்லையென்றால் டி.பி.ஏ.வில் அந்த வரியை நிறுத்திவைப்பார்கள். நானே நிறுத்திவைத்திருக்கிறேன். எந்தக் கம்பி வைத்தார்கள், அதன் விலை என்ன என்று உறுதிப்படுத்த வேறு வழி கிடையாது. ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டிக்கர் இருப்பது வழக்கம். தியேட்டர் நர்ஸிடம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே, "இன்சூரன்ஸுக்கு ஒண்ணு வேணும் சிஸ்டர்" என்று சொல்லிவைத்தால் எடுத்துத் தந்துவிடுவார்கள். சித்திக்கு அப்படித்தான் கிடைத்தது. கூடவே ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்ற ஓ.டி. நோட்ஸின் நகல், கம்பி உள்ளே இருப்பதைக் காட்டும் ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரே. முறிவைக் காட்டும் பழைய எக்ஸ்ரே எல்லோரிடமும் இருக்கும். பின்னால் எடுத்ததைத்தான் அடுத்த செக்கப்புக்கு வேண்டும் என்று மருத்துவமனை வைத்துக்கொள்ளும்.

விபத்து என்பதால் வந்தது அடுத்த காகிதம். நம் ஊர் மருத்துவமனைகளில் அடிபட்டு வருபவர்களுக்கு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு போடுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். சாலை விபத்தென்றால் அதோடு எஃப்.ஐ.ஆரும் கேட்கப்படும். வீட்டுக்குள் வழுக்கி விழுந்தவருக்கு எஃப்.ஐ.ஆர். இருக்காது, தனியார் மருத்துவமனை ஏ.ஆர். போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். பாலிசியிலேயே "இருந்தால்" தர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும். இல்லையென்றால் எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று சிகிச்சை தந்த டாக்டர் லெட்டர்பேடில் எழுதித் தரும் கடிதம் அந்த இடத்தை நிரப்பும். எங்கள் ஏஜெண்ட் இதைச் சரியாகச் சொன்னார்: "ஏ.ஆர். போடலைன்னா விடுங்க தம்பி, டாக்டர்ட்ட ஒரு லெட்டர் வாங்குங்க. மது அருந்தலைங்கிறதையும் எழுதச் சொல்லுங்க." 63 வயது அம்மாவுக்கு இதைப் போய் எப்படிக் கேட்பது என்று தம்பிக்குச் சங்கடம். ஆனால் விபத்துக் கோப்பு எல்லாவற்றிலும் வருகிற கேள்வி அது. கடிதத்தில் ஒரு வரி முன்பே இருந்துவிட்டால் பிறகு யாரும் அதைக் கேட்டு எழுதப்போவதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும். கோப்பின் முதுகெலும்பு அதுதான். அதில் நோயாளியின் முந்தைய உடல்நிலை என்று இரண்டு மூன்று வரி இருக்கும். இரவு அட்மிஷன் எடுக்கும் டியூட்டி டாக்டர் அவசரத்தில் உடன் வந்தவரைக் கேட்டு எழுதியது அப்படியே சம்மரி வரை வந்துவிடும். சித்தியோடு ஆம்புலன்ஸில் போனவர் பக்கத்து வீட்டு அம்மா. "தலை சுத்தி விழுந்துட்டாங்க போல" என்று அவர் சொன்னதை டாக்டர் குறித்திருக்கிறார். சர்க்கரை எத்தனை வருடமாக என்ற கேள்விக்கும் அவரே பத்து வருடம் என்று சொல்லியிருக்கிறார். உண்மையில் சித்தி வழுக்கித்தான் விழுந்தார். சர்க்கரை 2022-இல் கண்டுபிடித்தது, அந்த ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது. அந்த இரண்டு வரிகள் அப்படியே போயிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தலை சுற்றியது என்றால் அதற்குக் காரணமான நோய் எது, எப்போதிலிருந்து என்று கேள்வி வரும். பத்து வருடச் சர்க்கரை என்றால் 2020-இல் பாலிசி எடுக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். எலும்பு முறிவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை என்று நாம் வாதாடலாம்தான், ஆனால் கோப்பு அதற்குள் விசாரணைக்குப் போயிருக்கும்.

அதனால் சம்மரியின் வரைவை கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கக் கேட்கச் சொன்னேன். தம்பி 2022 ரிப்போர்ட்டை எலும்பு டாக்டரிடம் காட்டினான். அவர் சித்தியிடமே எப்படி விழுந்தார் என்று கேட்டு, இரண்டு வரிகளையும் திருத்தி, கேஸ் ஷீட்டிலும் தேதி போட்டுக் குறித்துக் கையெழுத்திட்டார். அந்தக் குறிப்பு கேஸ் ஷீட்டில் இருப்பது முக்கியம். டி.பி.ஏ. சில நேரம் மருத்துவமனையின் உள்நோயாளிக் குறிப்புகள் முழுவதையும் வாங்கிப் பார்க்கும். சம்மரி ஒன்று சொல்லி கேஸ் ஷீட் வேறொன்று சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும். உண்மையை உண்மையாகத் திருத்தக் கேட்பது நோயாளியின் உரிமை. நடந்ததை மறைத்து எழுதக் கேட்டால் அது மோசடி, பாலிசியே ரத்தாகலாம். வயது, பெயரின் எழுத்துகள், அட்மிட் ஆன தேதி, நேரம், டிஸ்சார்ஜ் தேதி ஆகியவை பில்லிலும் சம்மரியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சேர்ந்தவர்களுக்கு ஒரு காகிதத்தில் ஒரு தேதியும் இன்னொன்றில் மறுநாள் தேதியும் விழுந்து பார்த்திருக்கிறேன்.

கிளெய்ம் படிவத்தில் இரண்டு பகுதி உண்டு. 'ஏ' நாம் நிரப்புவது. 'பி' மருத்துவமனை நிரப்பி முத்திரை வைப்பது. அதில் மருத்துவமனையின் பதிவு எண், படுக்கை எண்ணிக்கை, டாக்டரின் பதிவு எண் எல்லாம் வரும். நெட்வொர்க்கில் இல்லாத சிறிய மருத்துவமனைக்கு இந்தப் பகுதி மிக முக்கியம், ஏனென்றால் பாலிசி சொல்லும் "மருத்துவமனை" என்ற தகுதி அதற்கு இருக்கிறதா என்று இதைவைத்துத்தான் பார்ப்பார்கள். உரிய சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸும் டாக்டரும், சொந்த ஆபரேஷன் தியேட்டர் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. சித்தி இருந்த இடத்துக்குப் பதிவு இருந்தது, அதன் சான்றிதழ் நகலையும் கேட்டவுடனே கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் நாளில் பில்லிங் கவுன்டரில் கூட்டம் முட்டும். முந்தின நாளே 'பி' படிவத்தை அச்செடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

பில்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறை, டாக்டர், தியேட்டர், மருந்து என்று வரிவரியாகப் பிரித்த இறுதி பில்லும், ஒவ்வொரு முறை பணம் கட்டியதற்கும் எண்ணுள்ள ரசீதும் வேண்டும். அட்வான்ஸ் கட்டிய ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரே ரசீதாகத் தருவதும் உண்டு, அதுவும் செல்லும். வெளியே வாங்கிய மருந்துக்கும் எடுத்த டெஸ்டுக்கும் பில்லோடு டாக்டர் சீட்டு இணைந்திருக்க வேண்டும். ஒரிஜினல்களை அனுப்பும் முன் முழுக் கோப்பையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கிளெய்ம் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் விதிகளின்படி பாலிசி எடுத்தவரின் அடையாள, முகவரிச் சான்று வேண்டும். பாலிசி எடுத்தவர் என்றால் சித்தி இல்லை, தம்பி. வங்கிக் கணக்கும் அவனுடையதுதான். நோயாளியின் பாஸ்புக்கைக் கொடுத்துப் பணம் திரும்பிப் போன கோப்புகள் எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு வாரம் வரும். கேன்சல் செய்த செக்கில் அவன் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பெயர் அச்சாகாத செக் என்றால் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். சித்தியுடைய அடையாள அட்டை நோயாளி யார் என்பதற்காகத் தனியாகப் போகும்.

இத்தனையையும் நாமே ஏன் சுமக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். 2024 மே 29 அன்று ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, கிளெய்முக்குத் தேவையான ஆவணங்களைக் கம்பெனியும் டி.பி.ஏ.வும் மருத்துவமனையிடமிருந்து பெற வேண்டும், பாலிசிதாரரை அலைக்கழிக்கக் கூடாது என்கிறது. காஷ்லெஸ் நடக்கும் இடத்தில் இது பெருமளவு பலிக்கிறது. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. பணம் கட்டிய ரசீதும் நம் கையில்தான் இருக்கிறது. அங்கே குடும்பம் சேகரித்துக் கொடுப்பதுதான் வேகமான வழி. பிறகு எப்போதாவது "மருத்துவமனையிலிருந்து வாங்கி வாருங்கள்" என்று மறுபடி மறுபடி எழுதினால் இந்தச் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டலாம், காட்ட வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு ஏஜெண்ட் சொன்ன பதில், டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள். அதாவது ஜூலை 16. தம்பி ஜூன் கடைசி வாரத்திலேயே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினான். முதல் பக்கத்தில் ஒரு கடிதம்: மேலே இன்டிமேஷன் எண், பாலிசி எண், அட்மிட் ஆன தேதி, கீழே உள்ளே இருக்கும் ஒவ்வொரு காகிதமும் எத்தனைத் தாள் என்ற பட்டியல். ஏதாவது வரவில்லை என்று கம்பெனி சொன்னால் காட்டுவதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

ஒரே ஒரு கேள்விக் கடிதம் வந்தது. ஸ்டிக்கர் இருந்தும் கம்பியின் இன்வாய்ஸ் வேண்டும் என்றார்கள். கடிதத்தை வாங்கிய தம்பி ஏஜெண்டுக்கு இன்டிமேஷன் எண்ணைப் போட்டு அனுப்ப, அவரே மருத்துவமனைக்குப் போய் நகல் வாங்கி மின்னஞ்சலில் சேர்த்துவிட்டார். கிளெய்மை அனுமதிக்கவோ மறுக்கவோ ஏஜெண்டுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட உதவியை உள்ளூரில் இருக்கும் அவரைவிட வேகமாக வேறு யாரும் செய்துவிட முடியாது, அவருக்கு எந்தக் கோப்பு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மொத்த பில் 1,46,400 ரூபாய். அதில் வாக்கர், டயப்பர், கிரேப் பேண்டேஜ், உடன் இருந்தவரின் சாப்பாடு என்று 7,400 ரூபாயைக் கழித்தார்கள். இவை பாலிசியின் இணைப்பிலேயே தர மாட்டோம் என்று பட்டியலிட்டவை. அறை வாடகை ஒரு நாளைக்கு 2,200 ரூபாய். காப்புத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் என்பது இந்தப் பாலிசியின் வரம்பு. சித்தியின் அறை அதற்குள் இருந்ததால் அங்கே வெட்டு இல்லை. மிச்சம் 1,39,000 ரூபாயில் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய 5 சதவீதம், 6,950 ரூபாய் போக, 1,32,050 ரூபாய் தம்பியின் கணக்கில் வரவானது. கழித்தது எதற்காக என்று வரிவரியாக எழுதிய செட்டில்மெண்ட் கடிதத்தைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அடுத்து வருவதற்கு அது வேண்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை அதே முறிவுக்கான செலவையும் இந்தப் பாலிசி தரும். சித்திக்கு அது ஆகஸ்ட் 15 வரை. செக்கப் பீஸ், எக்ஸ்ரே, மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி எல்லாம் அதில் வரும். அந்தக் காலம் புதிய பாலிசிக்குள் விழுந்தாலும் கிளெய்ம் பழைய பாலிசி எண்ணில், பழைய இன்டிமேஷன் எண்ணோடு, ஜூன் 9 என்ற அதே அட்மிஷன் தேதியோடுதான் போக வேண்டும். அந்த 60 நாள் முடிந்து 15 நாளுக்குள் பில்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வாராவாரம் வெறும் துண்டுச் சீட்டில் எழுதித் தந்துகொண்டிருந்தார். தேதி, வரிசை எண், சித்தியின் பெயர், அவருடைய பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கும் ரசீதாக மாற்றித் தரச் சொல்லி, டாக்டரின் பரிந்துரைச் சீட்டோடு பின்குத்தி, தம்பி ஆகஸ்ட் 20 அன்று அனுப்பிவைத்தான்.